அரைச் சுற்று

சனிக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கிய என் வீட்டுக்காரர் அய்யாத்துரை, சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, "செல்வி, ஒன் டூல்ஸ் டப்பாவ எடு. சார் வீட்டுக்குப் போவணும்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே பற்றிக்கொண்டு வந்தது.

சார் என்றால் திருமலை. ஒரகடத்தில் கார் சீட்டு செய்கிற கம்பெனியில் இவருடைய லைனுக்கு சூப்பர்வைசர். பென்னலூர்க்காரர், நாங்கள் குடியிருக்கிற லைன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் புதிதாக மாடி வீடு கட்டியிருந்தார். அந்த வீட்டின் சிமெண்டுக் கறையைச் சுரண்டியது என் வீட்டுக்காரர். தண்ணீர்த் தொட்டியைக் கழுவியது என் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை என்பது காண்டிராக்ட் ஆட்களுக்கு லீவு நாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது திருமலை காதில் விழவில்லை.

இதற்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. இவர் அந்தக் கம்பெனியில் வருடக்கணக்காகக் காண்டிராக்ட். பதினொரு மாதம் வேலை, அப்புறம் ஒரு சின்ன இடைவெளி, மறுபடியும் புது ஆள் மாதிரி புது அட்டை. ஒரு நாள் திருமலை இவர் தோளில் கைபோட்டு, "இந்த வாட்டி பெர்மனென்ட்டுக்கு நான் ஒரு பேரு குடுக்கலாம்பா. உன் பேருதான்" என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு இவர் அல்வா வாங்கிக்கொண்டு வந்தார். பெர்மனென்ட் ஆகிவிட்டால் நான் வேலையை விட்டுவிடலாம். நான் வேலையை விட்டால் நாங்குநேரியில் என் அக்கா வீட்டில் வளர்கிற எங்கள் மகள் நாச்சியாரை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். இரண்டு பேரும் ஷிஃப்டுக்குப் போகிற வீட்டில் ஒரு குழந்தையை யாரிடம் விடுவது? போனில் அவள் என் அக்காவைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள். என்னைச் செல்வி என்கிறாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், போனை வைத்துவிட்டு யாரையாவது அறைய வேண்டும் போலிருக்கும்.

எனக்கு வேலை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு ஃபர்னிச்சர் குடோனில். பெட்டியில் பலகை பலகையாக வந்து வீட்டில் மாட்டிக்கொள்கிற சாமான்கள். வாங்கினவர்கள் மாட்டத் தெரியாமல் மாட்டிக் கெடுத்துத் திருப்பி அனுப்புவதைச் சரிபண்ணுகிற ரிட்டர்ன் செக்‌ஷனில் இருந்தேன். ஊரில் இருக்கிற அத்தனை ஆம்பிளைகளின் அவசரமும் என் மேஜைக்குத்தான் வந்து சேரும். திருமலை அப்படி ஒரு அலமாரி வாங்கியதும், "உன் பொண்டாட்டி அந்த குடோன்லதான கீறா? இட்டாந்துடு" என்றாராம். இட்டாந்துடு. நான் என்ன ஸ்டூலா?

"நான் வரல" என்றேன்.

"நாச்சிக்காக வா" என்றார்.

டப்பாவை எடுத்தேன்.

திருமலை வீட்டில் கரண்ட் இல்லை. அந்த வருடம் எப்போதுதான் இருந்தது? மாடி அறையில் பெட்டியை ஏற்கெனவே கிழித்துப் போட்டிருந்தார்கள். பலகைகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. தனித்தனிப் பாக்கெட்டில் வந்த ஆணி, திருகு, போல்ட் எல்லாவற்றையும் ஒரே எவர்சில்வர் தாம்பாளத்தில் கொட்டிக் கலக்கி வைத்திருந்தார் திருமலை. மாட்டுகிற முறையைப் படம் போட்ட தாள் தரையில் கிடந்தது. அதன்மேல் தேநீர்க் குவளை.

"மரக்குச்சி எங்க?" என்றேன். பெட்டியில் எண்ணிப் போட்டு வருபவை. விரல் நீளம், உடம்பெல்லாம் கோடு கோடாக இருக்கும்.

"அதுவா? பேக்கிங் குச்சி. குப்பையில போட்டேன்" என்றார் திருமலை.

நல்லவேளை, குப்பைக்கூடை இன்னும் காலியாகவில்லை. அவர் மனைவி காவேரி அக்கா தானே குனிந்து வாழைப்பழத் தோலுக்கு நடுவிலிருந்து பொறுக்கிக் கொடுத்தார். எனக்கு அந்த அக்காமேல் அப்போதும் கோபம் இல்லை, இப்போதும் இல்லை. நான் குச்சிகளைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். "சார், இந்தக் குச்சிதான் பலகைய நேரா நிறுத்துது, பாரத்தத் தாங்குது. போல்ட்டும் லாக்கும் சும்மா ரெண்டு பலகையையும் சேத்து இழுத்துப் புடிக்கத்தான். குச்சி இல்லாம மாட்டினா ரெண்டே மாசத்துல அலமாரி ஒருபக்கமா சாஞ்சிரும்."

"இன்னாமா, இந்தத் தம்மாத்தூண்டு குச்சியா?" என்று சிரித்தார்.

மாட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பக்கப் பலகையின் உள்முகத்தில் துளைகள் இருக்கும். அதில் தலை பருத்த ஒரு போல்ட்டைத் திருகி நிறுத்த வேண்டும். மேல்பலகையின் ஓரத்தில் ஒரு துளை. அதற்குள் அந்தப் போல்ட்டின் தலை நுழையும். அதே மேல்பலகையின் முகத்தில் வட்டக் குழி. அதில் லாக் என்கிற உருளையை அதன் அம்புக்குறி ஓரத்தைப் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். பலகைகளைக் குச்சியில் சேர்த்து அழுத்திவிட்டு லாக்கை ஸ்க்ரூ டிரைவரால் அரைச் சுற்று திருப்பினால் அது போல்ட்டின் தலையைக் கவ்வி இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான். ஆனால் பலகை மரம் இல்லை. மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்தியது. அதில் போல்ட்டைக் கையால்தான் ஏற்ற வேண்டும், போல்ட்டின் கழுத்து பலகையைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும்.

இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திருமலை திருகு முடுக்குகிற பேட்டரி கன் ஒன்றை எடுத்து இவர் கையில் கொடுத்தார். "கையால திருகிகினு இருந்தா பொழுது விடிஞ்சிடும். நாம லைன்ல பண்றவங்கப்பா. அடி."

"வேண்டாங்க" என்றேன் இவரைப் பார்த்து. "கையால செய்யுங்க."

இவர் என்னைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். கன்னை வாங்கிக்கொண்டு இடப்பக்கப் பலகைமேல் குனிந்தார்.

இவருடைய லைனில் போல்ட் முடுக்குகிற கன் ஒரு அளவுக்கு வந்ததும் 'டக்' என்று தானாக வெட்டும். அந்த டக் கேட்காமல் கையை எடுத்தால் சீட்டு ரிஜெக்ட், பெயர் போர்டில் ஏறும். நாள் முழுக்க, வருடம் முழுக்க, காது அந்த டக்குக்காகவே காத்திருந்து பழகிவிட்டது. தூக்கத்தில்கூட இவர் ஆள்காட்டி விரல் அமுங்கி அமுங்கி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கே போல்ட் உள்ளே போனது, கழுத்து பலகையில் இடித்தது, டக் வரவில்லை. இவர் அமுக்கிக்கொண்டே இருந்தார். போல்ட் நின்ற இடத்தில் கிறுகிறுவென்று சுற்றியது. துளை வாயில் மாவு மாதிரி தூள் கிளம்பியது.

"நிறுத்துங்க!"

"டக் வரலியே" என்றார், நிஜமாகவே புரியாமல்.

"அது எப்பிடி வரும்? அங்க இரும்பு. இங்க தூளு!"

நான் கத்தி முடிப்பதற்குள் அந்தப் பலகையில் பாதித் துளைகள் முடிந்திருந்தன. போல்ட்டை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன், மரையிடுக்கில் ஒட்டிய தூளோடு கையில் வந்துவிட்டது. துளைக்குள்ளே மரை என்பதே இல்லை, பொடிதான் இருந்தது.

திருமலை எட்டிப் பார்த்தார். "இன்னா அய்யாத்துர, புது அலமாரிய பாழ் பண்ணிட்டியேப்பா" என்றார். கன்னைக் கொடுத்தவர் அவர். அடி என்றவர் அவர். இவர், "சாரி சார், சாரி சார்" என்று எழுந்து நின்று கையைப் பிசைந்தார். யார்மேல் எனக்கு அதிகக் கோபம் வந்தது என்று கேட்டால், அந்த நேரத்தில் இவர்மேல்தான்.

"நாளைக்கி மத்தியானம் சொந்தக்காரங்க வர்றாங்க, விருந்து கீது. அதுக்குள்ள நிக்கணும்" என்றார் திருமலை. "ரெண்டு தீக்குச்சிய ஒடிச்சி உள்ள போட்டு ஃபெவிகால் ஊத்தி முடுக்கிடு. கீழ டிவி ஸ்டாண்டுல அப்டித்தான் பண்ணாங்க. நல்லாத்தான் நிக்கிது."

தீக்குச்சி ஒன்றும் பாவம் இல்லை. ஒரு கீல் திருகு லேசாக ஆடினால் தாங்கும். இழுவை முழுக்கப் போல்ட் வாங்குகிற இடத்தில், சுற்றிலும் பொடியான துளையில், தீக்குச்சி என்ன செய்யும்? லாக்கைத் திருப்புகிற முதல் தடவையிலேயே மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு வரும். டப்பாவைத் திறந்தேன்.

முதலில் ஒவ்வொரு கெட்டுப்போன துளைக்கும் குறுக்கும் நெடுக்குமாகப் பென்சிலால் இரண்டு கோடு போட்டேன், துளையைத் தாண்டி நன்றாக வெளியே நீள்கிற மாதிரி. துளையை அடைத்த பிறகு நடு எது என்று அந்தக் கோடுகள்தான் சொல்லும்; கொஞ்சம் தள்ளிப்போனாலும் போல்ட்டின் தலை எதிர்த் துளையில் போய்ச் சேராது. பிறகு பொடியை ஊதி எடுத்தேன். துளை போடுகிற பிட்டுகளில் அந்தத் துளையை விடத் தடித்ததை எடுத்து, அதில் ஆழத்துக்கு அடையாளமாக ஒட்டுநாடா சுற்றினேன். பலகை விரல் தடிமன்தான், விட்டால் அந்தப் பக்கம் வந்துவிடும். திருமலையின் கன்னில் பிட்டை மாட்டி, மெதுவாக ஓட்டி, நைந்ததையெல்லாம் வழித்தெடுத்து வட்டமாகத் துளை பண்ணினேன். அந்த கன் அன்றைக்குச் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான். குடோனில் கழித்துப் போடுகிற கெட்டிமரக் குச்சித் துண்டுகளைக் கேட்டு வாங்கி டப்பாவில் வைத்திருப்பேன். அவற்றைப் பசையில் தோய்த்து, துளைச் சுவரிலும் பசை தடவி, இறுக்கமாக அடித்து இறக்கினேன். மேலே வழிந்ததைத் துடைத்தேன். மிச்சக் குச்சியைப் பலகையோடு பலகையாக அறுத்து விட்டேன்.

"ராத்திரி முழுக்கக் காயணும். நாளைக்கிக் காலையில வந்து புதுசா தொளை போட்டு மாட்டுதோம். அதுவரைக்கும் யாரும் தொடப்பிடாது" என்றேன்.

"நாளைக்கிமா?" என்று திருமலை இழுத்தார்.

"இன்னைக்கே வேணும்னா தீக்குச்சி இருக்கு. சொந்தக்காரங்க தலையில விழுந்தா நான் பொறுப்பில்ல."

அய்யாத்துரை என் புடவைத் தலைப்பைப் பின்னாலிருந்து இழுத்தார், பேசாதே என்று. நான் தலைப்பை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

கீழே கூடத்தில் அந்த டிவி ஸ்டாண்டைப் பார்த்தேன். தொழில் புத்தி, குனிந்து பக்கவாட்டில் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கீழ்த் தட்டைப் பிடிக்கிற திருகைச் சுற்றித் தீக்குச்சிகள். அதில் ஒன்றில் சிவப்பு மருந்துத் தலையைக்கூட ஒடிக்காமல் செருகியிருந்தது. எங்கள் லைன் வீட்டில் பொதுக் கக்கூஸ் கதவின் தாழ்ப்பாளும் இப்படித்தான் இருக்கிறது, மருந்துத் தலையோடு. அதைச் சரிபண்ணியது பக்கத்து அறை சுடலைக்கண்ணு. அவனும் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பையன்தான், இவர் லைனிலேயே காண்டிராக்ட்.

"இத யாரு மாட்டினது, அக்கா?" என்றேன் காவேரி அக்காவிடம்.

"அந்தச் சுடலக்கண்ணுத் தம்பிதான். பாவம், ஷூ ரேக்கு, இது, சமயக்கட்டு ஷெல்ப்பு, எல்லாம் அதுதான் வந்து பண்ணிச்சி. ஞாயித்துக்கெழமன்னா வந்துடும்."

வீட்டுக்கு வந்ததும் நேராகச் சுடலைக்கண்ணு அறைக் கதவைத் தட்டினேன். லுங்கியோடு வந்தான். "திருமலை ஒனக்கு என்னடே சொல்லிருக்கார்?" என்றேன்.

அவன் முதலில் முழித்தான். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு, "யார்ட்டயும் சொல்லாதிய மைனி. இந்தத் தடவ பெர்மனென்ட்டுக்கு அவரு ஒரு பேரு குடுக்கலாமாம். என் பேரத்தான் குடுக்காராம்" என்றான். எனக்குப் பின்னால் நின்ற இவரை அப்போதுதான் அவன் கவனித்தான்.

இவர் விறுவிறுவென்று எங்கள் அறைக்குள் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன்.

"கேட்டியளா?"

"அவன்கிட்ட சும்மா சொல்லிருப்பாரு. எங்கிட்ட தோளுல கைபோட்டுச் சொன்னாரு."

"அவன் தோளு என்ன சொத்தையா?"

"ஏட்டி, வாய மூடு!" என்று கத்தினார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அப்படிக் கத்தியதில்லை. "நாளைக்கிப் போறோம். மாட்டிக் குடுக்கோம். அவ்வளவுதான். நீ அங்க வந்து ஒரு வார்த்த பேசப்பிடாது." நான் தட்டில் போட்ட சோற்றை அவர் தொடவில்லை. நான் இரண்டு பேர் பங்கையும் சாப்பிட்டேன். கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

காலையில் பசை கல்லாக இறுகியிருந்தது. பென்சில் கோடுகளை ஸ்கேல் வைத்துச் சேர்த்து நடுப்புள்ளி பிடித்தேன். ஆணி முனையால் ஒரு குத்து, பிறகு பழைய அளவுக்குச் சின்னத் துளை, மறுபடியும் ஆழத்துக்கு ஒட்டுநாடா. இவர் கையால் போல்ட்டுகளை ஏற்றினார். கன்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு போல்ட்டும் கெட்டிமரத்தைக் கடித்துக்கொண்டு கிறீச்சென்று இறங்கி, கழுத்து தொட்டதும் நின்றது. முதல் நாள் அந்தப் பலகையைக் கெடுத்த அதே கைதான். பார்க்க எனக்கு அழுகை வந்தது, அதற்காகவும் கோபம் வந்தது.

குச்சிகளைச் செருகினோம், பலகைகளைச் சேர்த்தோம், லாக்குகளை அரை அரைச் சுற்றாகத் திருப்பினேன். இடுக்கே தெரியாமல் கூடிக்கொண்டது. மூலைக்கு மூலை குறுக்கே அளவு நாடா பிடித்து இரண்டு பக்கமும் ஒரே அளவு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பின்பலகையை ஆணியடித்தோம். நிமிர்த்தி நிறுத்திக் கதவுகளை மாட்டியபோது கதவும் கதவும் ஒரே நேர்கோட்டில் நின்றன. திருமலை உள்ளே வந்து அலமாரியின் தோளில் இரண்டு தட்டு தட்டினார். "சூப்பர்பா. அடுத்த வாரம் சமயக்கட்டுல மாடுலர் போடலாம்னு கீறேன். ரெண்டு பேரும் வந்துடுங்க."

இவர், "சரிங்க சார்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "சார், அந்த லிஸ்ட்டு..." என்றார்.

"அதுக்கின்னா அவசரம்? மேலதான் இன்னும் பேசிகினு கீறாங்க. பாக்கலாம்."

அந்த நேரம் பார்த்துக் காவேரி அக்கா ஒரு தட்டில் ஜாங்கிரியோடு வந்தார். புதுப் புடவை, முகமெல்லாம் சிரிப்பு. "மொதல்ல நீங்கதான் எடுத்துக்கணும். கஷ்டப்பட்டு பண்ணிக் குடுத்தீங்க. இன்னா விசேஷம்னு இவரு சொல்லவே இல்லியா? என் தம்பிக்குப் பெர்மனென்ட் ஆயிடிச்சி! வெள்ளிக்கெழமயே லிஸ்ட்டு வந்துடிச்சாம். இவருதான் பேரு குடுத்தாரு. அதுக்குத்தான் இன்னிக்கி விருந்து."

காவேரி அக்கா எங்கள் முகத்தைப் பார்த்தார், தன் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார், சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பாவம், அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை எங்களைக் கூப்பிட்டது அதற்குப் பிறகு. எவன் என் பிள்ளையின் இடத்தை எடுத்துக்கொண்டானோ அவன் வந்து பார்த்து மெச்சுவதற்காக நான் இரண்டு நாளாகப் பென்சில் கோடு போட்டிருக்கிறேன். ஜாங்கிரித் தட்டைத் தாண்டிப் போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அலமாரிக் கதவைத் திறந்து, உள்ளே மேல்பலகையில் முதல் லாக்கில் வைத்து அரைச் சுற்று பின்னால் திருப்பினேன்.

"ஏய், இன்னா பண்றே?" என்றார் திருமலை.

இரண்டாவதைத் திருப்பினேன்.

"அய்யாத்துர! இன்னாபா இது? சொல்லு உன் பொண்டாட்டிகிட்ட!"

இவர் என்னிடம் வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கையைப் பிடித்து இழுப்பார், சாரி சார் என்பார், இந்த ஸ்க்ரூ டிரைவரை நான் எங்கே எறிவேன் என்று எனக்கே தெரியாது என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"செல்வி, இப்பிடி இல்ல" என்றார் இவர். "மொதல்ல கதவக் கழத்து. பெறகு படுக்கப் போடணும். பின்பலக ஆணிய எடுக்காம வெறும் லாக்க மட்டும் திருப்புனா என்னத்துக்கு ஆவும்?"

சொல்லிவிட்டு அவரே கீல் திருகைக் கழற்ற ஆரம்பித்தார்.

இரண்டு பேருமாக அலமாரியைப் படுக்க வைத்தோம். இவர் பின்பலகை ஆணிகளை ஒவ்வொன்றாக, பலகை பிய்ந்துவிடாமல், நெம்பி எடுத்துத் தாம்பாளத்தில் போட்டார். நான் லாக்குகளைத் திருப்பிக்கொண்டே வந்தேன். ஒரு லாக்கைக்கூடத் திருப்பாமல் இழுக்கவில்லை. இழுத்திருந்தால் பலகை வாயைப் பிளந்திருக்கும், ரிட்டர்ன் செக்‌ஷனுக்கு வருவதில் பாதி அப்படிப் பிளந்ததுதான். அந்த வீட்டில் எதையும் உடைத்தோம் என்ற பேச்சு எங்களுக்கு வேண்டாம்.

திருமலை கத்திக்கொண்டே இருந்தார். நாளைக்கு எப்படி கம்பெனி கேட்டுக்குள்ளே வருகிறாய் பார்க்கிறேன் என்றார். ஒரகடத்தில் எந்தக் கம்பெனியிலும் காலெடுத்து வைக்க முடியாது என்றார். நன்றி கெட்டவர்கள் என்றார். தெற்கத்திக்காரன் புத்தி என்றார். பலகைகளை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்த இவர் நிமிர்ந்தார்.

"சார். வெள்ளிக்கெழமையே தெரியும்லா ஒங்களுக்கு?"

திருமலை ஜன்னல் பக்கம் திரும்பி, விருந்தாளிகள் வருகிறார்களா என்று தெருவைப் பார்த்தார்.

கடைசியாகக் குச்சிகளைத் தாம்பாளத்தில் வைத்தோம். மாட்டுகிற படத்தாளை அதன்மேல் வைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது. நாளைக்கு இவருக்கு வேலை இருக்காது, நாச்சியார் இன்னும் பல நாள் என்னைச் செல்வி என்றுதான் கூப்பிடப் போகிறாள். அது நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் அந்த அறையில் அப்போது எனக்கு இருந்த நிம்மதி, அல்வா சாப்பிட்ட அன்றைக்கு இருக்கவில்லை.

நாங்கள் படியிறங்கும்போது எதிரே சுடலைக்கண்ணு ஏறி வந்துகொண்டிருந்தான். இரண்டு தோளிலும் வாடகை நாற்காலிகள். விருந்துக்கு நாற்காலி தூக்க அவனுக்கும் ஆள் போயிருக்கிறது. வியர்த்து வழிந்தான்.

"முடிஞ்சிட்டாண்ணே?" என்றான்.

"லிஸ்ட்டு வெள்ளிக்கெழமையே வந்துட்டுல" என்றார் இவர். "அவரு மச்சான் பேரு. இன்னைக்கி விருந்தே அதுக்குத்தான்."

சுடலைக்கண்ணு நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் படியிலேயே இறக்கி வைத்தான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி இறங்கினான். தெருவுக்குத்தான் போகிறான் என்று நினைத்தேன். அவன் கூடத்துக்குள் போனான். டிவியின் வயரைப் பிடுங்கிச் சுருட்டினான். டிவியை இரண்டு கையாலும் குழந்தையைப் போலத் தூக்கி, பத்திரமாகத் தரையில் சுவரோரம் வைத்தான். மேலே திருமலை, "எவன்டா அது கீழ?" என்று கத்துவது கேட்டது. வாசலில் கார் வந்து நிற்கிற சத்தமும் கேட்டது.

சுடலைக்கண்ணு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"ஸ்க்ரூ டிரைவரக் குடுங்க மைனி" என்றான்.